படம் மட்டும் மாற வேண்டும்

வடக்கே ஒரு நகரத்தில் தமிழர்கள் நடத்தும் பள்ளி என்று வைத்துக்கொள்வோம். 24 பக்கத்தில் ஒரு சேர்க்கைக் கையேடு, பாதி தமிழ், பாதி ஆங்கிலம். மூன்றாம் பக்கத்தில் பள்ளிக் கட்டடத்தின் போட்டோ. அதன் முன்னால் வரிசையாக நிற்கும் குழந்தைகள். அந்தக் கட்டடத்தை இடித்துப் புதிதாகக் கட்டியாகிவிட்டது. குழந்தைகள் கல்லூரிக்குப் போய்விட்டார்கள். அவர்களில் ஒரு பெண்ணின் பெற்றோர், 'எங்கள் மகள் இருக்கும் படத்தை எடுத்துவிடுங்கள்' என்று எழுதிக் கேட்டிருக்கிறார்கள். கையேட்டை வடிவமைத்தவர் ஊரை விட்டுப் போனபோது மூல ஃபைலும் கூடவே போய்விட்டது. பள்ளியிடம் மிஞ்சியிருப்பது பி.டி.எஃப். மட்டுமே.

வேலை என்னவோ சின்னதுதான்: ஒரு போட்டோவை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்க வேண்டும். ஆனால் அலுவலக குமாஸ்தா வழக்கமாகச் செய்வது, பி.டி.எஃப்.பை வேர்டில் திறப்பது. அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் டிராவில் திறப்பது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிவது அங்கேதான். படம் மாறுகிறது; கூடவே தமிழ் வரிகள் இடம் பெயர்கின்றன, கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கின்றன, அட்டவணையில் கட்டணத் தொகை பக்கத்துக் கட்டத்துக்குள் நுழைந்துகொள்கிறது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். 1993-இல் அடோபி நிறுவனம் பி.டி.எஃப்.பை வெளியிட்டபோது அதன் நோக்கம் ஒன்றுதான்: எந்தக் கம்ப்யூட்டரில் திறந்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அதனால் பி.டி.எஃப்.புக்குள் பத்தி, வரி என்பதெல்லாம் பெரும்பாலும் கிடையாது. 'இந்த எழுத்து வடிவத்தை இந்த இடத்தில் வை' என்ற கட்டளைகள்தான் வரிசையாக இருக்கின்றன. எழுத்துருவும் முழுசாக உள்ளே இருப்பதில்லை. கையேட்டில் பயன்பட்ட எழுத்து வடிவங்களை மட்டும் பொறுக்கி எடுத்துப் பொதிந்து வைத்திருப்பார்கள். பழைய தமிழ் ஃபைல்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரு காலத்தில் அச்சகத்துக்கு அச்சகம் எழுத்துருக் குறியீடு வேறு. 1999-இல் தமிழக அரசு டாம், டாப் குறியீடுகளைத் தரமாக அறிவித்தது. 2010-இல் யூனிகோடை ஏற்றது. அதற்குப் பிறகும் பல அச்சகங்கள் தங்கள் பழைய எழுத்துருக்களை விடவில்லை. அப்படிப்பட்ட பி.டி.எஃப்.பிலிருந்து ஒரு வரியை நகல் எடுத்து வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கள், ஆங்கில எழுத்துகளும் அடையாளங்களும் கலந்த குப்பைதான் வரும். திரையில் தமிழாகத் தெரிவது, வடிவங்கள் உள்ளே இருப்பதால் மட்டுமே. வேர்டும் டிராவும் இந்தக் கட்டளைகளைப் பிரித்து, மறுபடி வரிகளாகக் கோக்கப் பார்க்கின்றன. சரியான எழுத்துரு கிடைக்காமல் கைக்கு வந்ததைப் போடுகின்றன. பக்கம் கலைவதில் வியப்பில்லை.

ஆகவே முதல் விதி, பக்கத்தை மறுபடி கோக்கும் எந்த சாஃப்ட்வேரிடமும் ஃபைலைக் கொடுக்கக் கூடாது. நல்லவேளையாக, கொடுக்க வேண்டிய தேவையும் இல்லை. பி.டி.எஃப்.பில் போட்டோ பக்கத்தோடு ஒட்டிக்கொண்டு இருப்பதில்லை. அது தனிப் பொருளாக, தனி எண்ணோடு, ஃபைலின் வேறொரு மூலையில் கிடக்கிறது. பக்கத்தில் இருப்பது அதைக் கூப்பிடும் கட்டளை மட்டும். அது இப்படி இருக்கும்:

```
q
240 0 0 160 60 520 cm
/Im2 Do
Q
```

இடது ஓரத்திலிருந்து 60 பாயிண்ட், கீழிருந்து 520 பாயிண்ட் தள்ளி, 240 பாயிண்ட் அகலமும் 160 பாயிண்ட் உயரமும் உள்ள பெட்டியில் Im2 என்ற படத்தை வரை என்பது இதன் பொருள். 72 பாயிண்ட் சேர்ந்தது ஒரு அங்குலம். படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதைப் பற்றி இந்தக் கட்டளைக்குக் கவலை இல்லை. எதைக் கொடுத்தாலும் அந்தப் பெட்டிக்குள் அடைத்துவிடும். எனவே Im2 என்ற பொருளின் உள்ளடக்கத்தை மட்டும் மாற்றினால் போதும். பக்கத்தின் ஒரு வரிகூட அசையாது.

மாற்றுவதற்கு முன் பழைய படத்தின் ஜாதகத்தைப் பார்த்துவிட வேண்டும். பாப்ளர் என்ற இலவசத் தொகுப்பில் இதற்கென்றே ஒரு சிறு கருவி இருக்கிறது.

```
pdfimages -list palli.pdf
```

நம் கையேட்டின் மூன்றாம் பக்கத்துக்கு இப்படி ஒரு வரி வருகிறது என்று கொள்வோம்:

```
page num type  width height color comp bpc enc  interp object ID x-ppi y-ppi size ratio
   3   2 image   900    600 rgb      3   8 jpeg no         41  0   270   270 112K 7.1%
```

படம் 900-க்கு 600 புள்ளி. அங்குலத்துக்கு 270 புள்ளி வீதம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. 900-ஐ 270-ஆல் வகுத்தால் பெட்டியின் அகலம் 3.33 அங்குலம், அதேபோல் உயரம் 2.22 அங்குலம். மேலே பார்த்த 240, 160 பாயிண்ட் கணக்கும் அதுவேதான். பொருள் எண் 41. இந்த எண்தான் பின்னால் தேவைப்படும். இதே 41 வேறு பக்கத்திலும் வந்திருக்கிறதா என்று பட்டியலில் பாருங்கள். வந்திருந்தால், இங்கே மாற்றும்போது அங்கேயும் மாறிவிடும். பின் அட்டையிலும் அதே போட்டோ இருந்தால் இது லாபம்தான். வேண்டாம் என்றால் முன்கூட்டியே தெரிந்திருப்பது நல்லது.

இந்தப் பட்டியல் இன்னும் இரண்டு விஷயங்களைக் காட்டிக்கொடுக்கும். ஒரு பக்கத்துக்கு முழுப் பக்க அளவில் ஒரே ஒரு படம் மட்டும் வந்தால், அது ஸ்கேன் செய்த பக்கம். அங்கே எழுத்தும் போட்டோவும் ஒரே படத்தின் பகுதிகள். அந்தப் படத்தையே போட்டோஷாப் போன்ற ஒன்றில் திறந்து ஒட்டுப்போட வேண்டியதுதான். அதே அகலத்தில், உயரம் மட்டும் குறைவாக, பத்து இருபது துண்டுகள் அடுக்காக வந்தாலும் வேலை கடினம். நிழல், மங்கல் போன்ற அலங்காரங்களைப் பழைய அச்சு முறைக்காகத் தட்டையாக்கும்போது படம் பட்டை பட்டையாக வெட்டுப்பட்டிருக்கும். ஒரு பட்டையை மாற்றினால் ஒரு பட்டைதான் மாறும். அந்த நிலையில் எல்லாப் பட்டைகளையும் நீக்கிவிட்டு அதே பெட்டியில் புதுப் படத்தை வைக்க வேண்டும். அது கை தேர்ந்தவர் பார்க்க வேண்டிய வேலை. நம் பள்ளிக்கு அதிர்ஷ்டம், ஒரே முழுப் படமாக இருக்கிறது.

இனி புதுப் படம். மொபைலில் எடுத்தது 4000-க்கு 3000 புள்ளி என்றால் அதன் வடிவம் நாலுக்கு மூன்று. பெட்டியோ மூன்றுக்கு இரண்டு. அப்படியே போட்டால் படம் பக்கவாட்டில் எட்டில் ஒரு பங்கு இழுபடும். கட்டடம் இழுபட்டால் சட்டென்று தெரியாது. ஆனால் அதன் முன்னால் நிற்கும் தலைமை ஆசிரியை திடீரென்று சதை போட்டவர் போலத் தெரிவார். சைக்கிள் சக்கரம், கடிகாரம், ஸ்பீக்கர் என்று படத்தில் ஏதாவது வட்டம் இருந்தால் அதைப் பாருங்கள். முட்டையாகத் தெரிந்தால் விகிதம் தப்பு என்று அர்த்தம். ஆகவே முதலில் 4000-க்கு 2667 என்று மேலும் கீழும் வெட்டிக்கொள்ள வேண்டும். பிறகு சுருக்க வேண்டும். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி தாராளம், 3.33 அங்குலத்துக்கு 1000 புள்ளி. எனவே 1000-க்கு 667 என்று ஒரு ஜேபெக் ஃபைலாக சேமித்தால் போதும். 4000 புள்ளியையும் உள்ளே திணிப்பதால் அச்சு அழகாகிவிடாது. கையேட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது கனம்தான் கூடும்.

வெட்டும்போது ஒரு எச்சரிக்கை. பெட்டிக்குள் படம் முழுசாகத் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சில வடிவமைப்பாளர்கள் பெரிய படத்தை வைத்து, ஒரு சட்டத்தால் ஓரங்களை மறைத்திருப்பார்கள். பழைய படத்தை வெளியே எடுத்துப் பார்த்தால் புரிந்துவிடும்.

```
pdfimages -all -f 3 -l 3 palli.pdf pazhaya
```

வெளியே வந்த படத்தில் பக்கத்தில் தெரிவதைவிடக் கூடுதலாக ஏதாவது இருந்தால், சட்டம் மறைக்கிறது. புதுப் படத்தில் முக்கியமானவை அந்தத் தெரியும் பகுதிக்குள் வரும்படி வெட்ட வேண்டும். இல்லாவிட்டால் பள்ளிப் பெயர்ப் பலகை பாதி காணாமல் போகும். மொபைல் படத்துக்கே உரிய இன்னொரு தொல்லையும் உண்டு. செங்குத்தாகப் பிடித்து எடுத்த படத்தை மொபைல் படுக்க வைத்தே சேமித்து, 'திருப்பிக் காட்டு' என்று ஒரு குறிப்பு மட்டும் எழுதி வைக்கும். பி.டி.எஃப். அந்தக் குறிப்பைப் படிப்பதில்லை, ஆட்கள் படுத்துக்கொள்வார்கள். ஏதாவது பட சாஃப்ட்வேரில் திறந்து நேராக்கி, புதிதாக சேமித்தால் இது தீரும். பட்டியலில் நிறம் என்ற இடத்தில் cmyk என்று இருந்தால், அச்சகம் நாலு வண்ணத்தில் தயாரித்த ஃபைல் அது. புதுப் படத்தையும் அப்படி மாற்றித் தரும்படி அச்சகத்தைக் கேளுங்கள். திரையில் மட்டும் பார்க்கப் போவதென்றால் இந்தக் கவலை வேண்டாம்.

மாற்றுவதற்கு இரண்டு வழி. காசு கொடுத்து வாங்கிய அக்ரோபேட் ப்ரோ இருந்தால் Edit PDF-க்குப் போய், படத்தின் மேல் வலது கிளிக் செய்து Replace Image என்பதைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இலவச ரீடரில் இந்த வசதி கிடையாது. அக்ரோபேட்டில் ஒன்றே ஒன்று ஜாக்கிரதை: திருத்தும் நிலைக்குப் போனதும் பக்கத்தில் எழுத்துகளைச் சுற்றிப் பெட்டிகள் முளைக்கும். அவற்றுக்குள் கிளிக் செய்து ஒரு எழுத்தைத் தட்டிவிட்டால் வரி நகர்ந்துவிடும். படத்தைத் தவிர எதையும் தொடாதீர்கள். மாற்றிய பின் படத்தின் மூலையைப் பிடித்து இழுத்து 'சரி' செய்வதும் வேண்டாம். விகிதத்தை முன்பே சரியாக வெட்டியிருந்தால் அந்த ஆசை வராது.

காசு செலவழிக்க விருப்பமில்லாதவர்களுக்குப் பைத்தான் மொழியில் பைமுபிடிஎஃப் என்ற இலவச நூலகம் இருக்கிறது. நாலு வரி போதும்.

```
import pymupdf
doc = pymupdf.open("palli.pdf")
doc[2].replace_image(41, filename="pudhu.jpg")
doc.save("palli_new.pdf", garbage=3)
```

பக்கங்களைப் பூஜ்யத்திலிருந்து எண்ணுவதால் மூன்றாம் பக்கம் 2 ஆகிறது. 41 நாம் குறித்து வைத்த பொருள் எண். கடைசி வரியில் உள்ள garbage=3 என்பதை விட்டுவிடக் கூடாது. ஏன் என்பதற்குத்தான் அடுத்து வருகிறேன்.

பள்ளி அலுவலகத்தில் யாராவது புத்திசாலி, 'எதற்கு இவ்வளவு பாடு? பழைய படத்தின் மேல் புதுப் படத்தை ஒட்டிவிட்டால் போகிறது' என்று சொல்லக்கூடும். இணையத்தில் கிடைக்கும் பல பி.டி.எஃப். எடிட்டர்கள் செய்வதும் இதைத்தான். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் பழைய படம் அடியில் பத்திரமாக இருக்கிறது. மேலே சொன்ன அதே pdfimages கட்டளையை யார் கொடுத்தாலும் புதுப் படத்தோடு பழையதும் வெளியே வந்து விழும், அந்தப் பெண் குழந்தையின் முகம் உட்பட. பெற்றோருக்குப் பள்ளி எழுதிய 'நீக்கிவிட்டோம்' என்ற பதிலுக்கு என்ன பொருள்?

சரியாக மாற்றினாலும் பழையது ஒளிந்திருக்க இடமுண்டு. பி.டி.எஃப்.பின் அமைப்பில் ஒரு வசதி: சேமிக்கும்போது முழு ஃபைலையும் திரும்ப எழுதாமல், மாற்றத்தை மட்டும் கடைசியில் சேர்த்து எழுதலாம். வேலை சீக்கிரம் முடியும். ஆனால் பழைய படம் ஃபைலின் நடுவே, யாரும் கூப்பிடாத பொருளாக அப்படியே கிடக்கும். இந்த நிலையில் pdfimages கூட அதைக் காட்டாது. பக்கத்தில் வரையப்படும் படங்களைத்தான் அது பட்டியலிடும். விஷயம் தெரிந்தவர் ஃபைலின் முந்தைய வடிவத்தை மீட்டு எடுத்துவிடலாம். அக்ரோபேட்டில் வெறும் Save கொடுக்காமல் Save As கொடுத்து வேறு பெயரில் சேமித்தால் ஃபைல் புதிதாக எழுதப்படும். பைத்தான் வழியில் garbage=3 யாருக்கும் வேண்டாத பொருள்களைக் கழித்துவிடும். பழைய ஃபைல்களில் இன்னொரு பொந்தும் உண்டு. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு குட்டிப் படம் உள்ளேயே பதிந்திருக்கும் வழக்கம் முன்பு இருந்தது. அதில் பழைய போட்டோ தபால்தலை அளவில் மிஞ்சியிருக்கலாம். அதையும் நீக்கச் சொல்லிவிடுங்கள்.

இப்போது சோதனை. எழுத்து அசையவில்லை என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். இரண்டு ஃபைலிலிருந்தும் எழுத்தைப் பிரித்தெடுத்து ஒப்பிடுங்கள்.

```
pdftotext -layout palli.pdf a.txt
pdftotext -layout palli_new.pdf b.txt
diff a.txt b.txt
```

ஒன்றுமே வராவிட்டால் எழுத்தில் மாற்றம் இல்லை. விண்டோஸில் diff-க்குப் பதில் fc. பழைய எழுத்துரு என்றால் a.txt-க்குள் குப்பையாகத்தான் தெரியும். பரவாயில்லை, இரண்டு குப்பையும் ஒன்றாக இருக்கிறதா என்பதே கேள்வி. பிறகு இரண்டு ஃபைலையும் ஒரே பெரிதாக்கத்தில் திறந்து, மூன்றாம் பக்கத்தை மாற்றி மாற்றிப் பாருங்கள். போட்டோ மட்டும் மாறி, மற்றதெல்லாம் நின்ற இடத்தில் நின்றால் சரி. ஏதாவது துள்ளினால் அங்கே கோளாறு. கடைசியாக, புது ஃபைலிலிருந்து மூன்றாம் பக்கப் படங்களை மேலே சொன்னபடி வெளியே எடுத்து, பழைய படம் வரவில்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

படத்துக்குக் கீழே உள்ள வாசகத்தை மறந்துவிடக் கூடாது. 'எங்கள் பள்ளிக் கட்டடம்' என்று இருந்தால் தப்பித்தீர்கள். '2014 ஆண்டு விழாவில் மாணவர்கள்' என்று இருந்தால் புதுப் படத்துக்கு அது பொருந்தாது. அந்த வரியைத் திருத்தப் போனால் மறுபடி எழுத்துருப் பிரச்னை: 2014-ஐ 2025 ஆக்க வேண்டும், ஆனால் 5 என்ற எண்ணின் வடிவம் பொதிந்த எழுத்துருவில் இல்லாமலே இருக்கலாம். என் யோசனை, வாசகத்துக்கு ஏற்ற படத்தைத் தேடுவது சுலபம். முடியாவிட்டால் அந்த ஒரு வரியை மட்டும் நீக்கிவிட்டு, அதே இடத்தில் புதிதாக எழுதுவது அடுத்த வழி. பார்வையற்றவர்களுக்காகப் படத்துக்கு விளக்கம் பதிந்த ஃபைல் என்றால் அந்த விளக்கமும் பழையதாகவே இருக்கும். திரையில் தெரியாததால் யாரும் கவனிப்பதில்லை. படித்துக் காட்டும் கருவி மட்டும் இடிந்துபோன கட்டடத்தை வர்ணித்துக்கொண்டிருக்கும். அக்ரோபேட்டில் படத்தின் Alternate Text-ஐத் திருத்தலாம்.

இவ்வளவும் நம் சொந்த ஃபைலுக்கு. டிஜிட்டல் கையெழுத்திட்ட பி.டி.எஃப். என்றால் கதையே வேறு. கையெழுத்து என்பது ஃபைலின் பைட்டுகளைக் கணக்கிட்டுப் போடுவது; படத்தை மாற்றியதும் அது செல்லாததாகிவிடும், திறப்பவருக்கு ரீடர் அதைச் சொல்லியும் விடும். பள்ளியின் கையேட்டில் அப்படிக் கையெழுத்து இருந்தால், படத்தை மாற்றிய பின் உரியவர் மறுபடி கையெழுத்திட வேண்டும். அடுத்தவர் கையெழுத்திட்டுக் கொடுத்த சான்றிதழில் இந்த வேலையைச் செய்தால் அதற்குப் பெயர் போலி ஆவணம். இ-ஆதாரில் பத்து வருஷத்துக்கு முந்தைய முகம் இருக்கிறதே என்று சிலருக்குக் குறை. அதுவும் கையெழுத்திட்ட பி.டி.எஃப்.தான். ஆதார் பதிவு மையத்துக்கு நேரில் போய்ப் புதுப் படம் எடுத்துக்கொண்டு, பதிவு மாறிய பிறகு புது இ-ஆதாரை இறக்கிக்கொள்ள வேண்டும்.